வட்ட மேசையில் மூன்று தம்பதிகள்

ஆறு பேர் நீள வரிசையில் உட்கார 720 வழிகள் உண்டு: 6×5×4×3×2×1. அதே ஆறு பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் 120 வழிகள்தான். வட்டத்துக்கு முதல் இருக்கை என்று ஒன்று கிடையாது. எல்லாரும் ஓரிடம் வலப்புறம் நகர்ந்தாலும் யாருக்கு அருகில் யார் என்பது மாறாது. ஆகவே ஒரே அமைப்பு 720-இல் ஆறு முறை எண்ணப்பட்டிருக்கிறது. ஒருவரை ஓரிடத்தில் உட்கார்த்திவிட்டு மற்ற ஐவரை மட்டும் மாற்றி மாற்றி அமர்த்தினாலும் இதே 120 வரும். நாற்காலிகளில் எண் ஒட்டியிருந்தால் மட்டும் பழைய 720-தான்.

அந்த ஆறு பேர் குமார்–லதா, ரவி–மாலா, சேகர்–உமா என்ற மூன்று தம்பதிகள் என்க. குமாரும் லதாவும் அடுத்தடுத்தே உட்கார வேண்டுமானால் இருவரையும் ஒரே ஆளாகக் கொள்ளலாம். ஐந்து பேருக்கு 24 வழிகள். இருவரும் தமக்குள் இடம் மாறலாம் என்பதால் 48. அவர்கள் பிரிந்திருக்க வேண்டுமானால் 120-இல் 48 போக 72.

எந்தத் தம்பதியும் சேர்ந்து உட்காரக் கூடாது என்னும்போதுதான் பலருக்குக் கணக்கு சறுக்குகிறது. மூன்று தம்பதிகளுக்கும் மும்முறை 48-ஐக் கழித்தால் மிஞ்சுவது –24. எண்ணிக்கை சுழிக்குக் கீழே போக முடியாதே! இரண்டு தம்பதிகள் சேர்ந்திருக்கும் அமைப்புகள் இருமுறை கழிபட்டதுதான் கோளாறு. குறிப்பிட்ட இரு தம்பதிகள் சேர்ந்திருக்க 24 வழிகள். அப்படி மூன்று இணைகள் அமைவதால் 72-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். மூன்று தம்பதிகளுமே சேர்ந்திருக்கும் 16 அமைப்புகள் மும்முறை கழிபட்டு மும்முறை கூட்டப்பட்டுவிட்டதால், அவற்றை இன்னொரு முறை கழிக்க வேண்டும். 120–144+72–16, அதாவது 32. இதற்கு உள்ளடக்கி நீக்கும் முறை என்று பெயர்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார வேண்டும் என்றும் சேர்த்துவிட்டால் 32-இல் இரண்டுதான் தேறும். குமாருக்கும் ரவிக்கும் நடுவில் உள்ள இடத்தில் லதாவோ மாலாவோ உட்கார முடியாது, அது உமாவுக்குத்தான். இப்படியே பார்த்தால் ஒவ்வொரு மனைவியும் கணவனுக்கு நேர் எதிரே அமர்ந்தாக வேண்டும். ஆண்கள் மூவரையும் வட்டத்தில் வைக்க இரண்டு வழிகள்தானே உண்டு.

இந்தப் புதிரை 1891-இல் எழுப்பியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா. நான்கு தம்பதிகளுக்கு 12, ஐந்து தம்பதிகளுக்கு 312 என்று விடை ஏறுகிறது. மனைவி எதிரில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நான்கு தம்பதிகளிலேயே போய்விடுவதால், அங்கிருந்து கையால் எண்ணுவது சிரமம். எத்தனை தம்பதிகளானாலும் பொருந்தும் ஒரே சூத்திரத்தை 1934-இல் ழாக் துஷார் தந்தார். அதிலும் நடப்பது மேலே கண்ட கூட்டிக் கழிக்கும் வேலைதான்.