போன் ‘ரீசெட்’ கேட்கும்போது

அப்டேட் முடிந்து போன் அணைகிறது. நிறுவனத்தின் சின்னம் வருகிறது, போகிறது, மறுபடியும் வருகிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு பல ஆண்ட்ராய்டு போன்களில் ஓர் ஆங்கில அறிவிப்பு நிற்கும்: "Can't load Android system. Your data may be corrupt." அதன் கீழே "Try again", "Factory data reset" என்று இரண்டே வழிகள். படிப்பவருக்குப் படமெல்லாம் ஏற்கெனவே போய்விட்டதாகத்தான் தோன்றும்.

ஆனால் அந்த அறிவிப்பு யாரும் உள்ளே பார்த்துச் சொன்ன தீர்ப்பல்ல. சிஸ்டத்தின் மையப் பகுதி குறுகிய நேரத்தில் பலமுறை விழுந்து எழுந்தால், ஆண்ட்ராய்டு 8 முதல் இருக்கும் ஒரு காவல் ஏற்பாடு சில சீரமைப்புகளைச் செய்து பார்க்கும். பலிக்காவிட்டால் இந்தத் திரையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழுது அப்டேட்டில் இருந்தாலும் இதே வாசகம்தான் வரும்.

2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது நடந்தது இதற்கு நல்ல சான்று. பிக்சல் 6-உம் அதற்குப் பிந்தைய மாடல்களும் வைத்திருந்தவர்களில், ஒரே போனில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகளை அமைத்திருந்த சிலருக்குச் சேமிப்பகமே திறக்கவில்லை. வேறு சிலரின் போன் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆனது. பழுது மென்பொருளில்தான் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. சுழலில் சிக்கிய போன்களிலிருந்து ஓரளவு தகவலை மீட்க வழி தேடுவதாக அந்த மாத இறுதியில் அறிவித்தது. அதற்குள் ரீசெட் பட்டனை அழுத்தியவர்களுக்கு மீட்க எதுவும் மிச்சமில்லை.

காரணம் எளிது. இன்றைய போன்களில் கோப்புகள் பூட்டித்தான் வைக்கப்படுகின்றன. ரீசெட் செய்தால் அந்தப் பூட்டின் சாவியே அழிகிறது. அதன்பின் எந்த ‘ரிக்கவரி’ மென்பொருளுக்கும் கிடைப்பது அர்த்தமில்லாத எண்களே. கடைக்காரர் "மீட்டுத் தருகிறேன்" என்றாலும் நம்ப வேண்டியதில்லை.

அதனால் முதலில் "Try again". பிறகு சார்ஜரில் அரை மணி நேரம். சிம்மும் மெமரி கார்டும் வெளியே. பெரிய அப்டேட்டுக்குப் பின் முதல் தடவை திறக்கப் பல நிமிடங்கள் ஆவது வழக்கம். சின்னம் அசையாமல் நிற்பதும் திரும்பத் திரும்ப அணைவதும் ஒன்றல்ல. அடுத்து, சின்னம் தோன்றியதும் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால், பிக்சலிலும் சாம்சங்கிலும் ‘சேஃப் மோட்’ வரலாம். அதில் போன் திறந்துவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் நாம் நிறுவிய செயலி. செயலியைத் தேடும் முன் படங்களை வெளியே எடுத்துவிட வேண்டும். மறுபடி திறக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

சேஃப் மோடும் வராவிட்டால் ரிக்கவரி திரை. பிக்சலில் பவரும் வால்யூம் குறைப்பும் சேர்த்து அழுத்தி "Recovery mode"-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். "No command" என்று நின்றால் பவரைப் பிடித்தபடி வால்யூம் கூட்டும் பட்டனை ஒருமுறை தட்டினால் மெனு வரும். இங்கே கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பது நல்லது: மெனுவில் இருக்கும்போதும் போன் அணைந்து எழுந்தால் அப்டேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, பேட்டரியையோ சிக்கிக்கொண்ட பவர் பட்டனையோ பார்க்க வேண்டும்.

மெனு நிலையாக நின்றால் கணினியின் உதவியோடு அப்டேட்டை மீண்டும் நிறுவலாம். கூகுளின் டெவலப்பர் தளத்தில் ஒவ்வொரு பிக்சல் மாடலுக்கும் முழு ஓ.டி.ஏ. கோப்பு இருக்கிறது, போனில் உள்ளதைவிடப் பழைய பதிப்பை அது ஏற்காது. "Apply update from ADB"-ஐத் தேர்ந்தெடுத்து, கேபிளைச் செருகி, கணினியில் இதைத் தட்டச்சு செய்ய வேண்டும்:

```
adb sideload ota.zip
```

இது சிஸ்டத்தை மட்டுமே புதிதாக எழுதும், படங்களைத் தொடாது. ‘ஃபேக்டரி இமேஜ்’ என்ற கோப்பு வேறு: அதற்கு பூட்லோடரைத் திறக்க வேண்டும், திறந்த கணமே எல்லாம் அழியும். இணையக் காணொளிகள் பல இரண்டையும் குழப்புகின்றன.

சாம்சங்கில் போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து, பவரும் வால்யூம் கூட்டும் பட்டனும் பிடித்தால் மெனு வரும். "Wipe cache partition" தற்காலிகக் கோப்புகளை மட்டுமே நீக்கும். ஆனால் அதற்குப் பக்கத்து வரியே "Wipe data/factory reset"; விரல் ஒரு வரி தவறினால் போச்சு. "Repair apps" இருந்தால் அதையும் முயலலாம். எதுவும் உதவாவிட்டால் சர்வீஸ் சென்டரில், தகவலை அழிக்காமல் மென்பொருளை மட்டும் மீண்டும் ஏற்ற முடியுமா என்று போனைக் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ரீசெட் செய்தே திருப்பித் தருவது பல இடங்களில் வழக்கம்.

எல்லாம் தோற்று ரீசெட்தான் என்றால், போனிலிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று வேறொரு கருவியில் நுழைந்து பார்த்துவிட வேண்டும். ரிக்கவரி வழியாக அழித்த போன், திறக்கும்போது பழைய கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். இரண்டும் தெரியாவிட்டால் உள்ளே விடாது.