பிபி மெஷின் 186 காட்டும்போது

பிபி மெஷின் வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் என்றாவது ஒரு ராத்திரி இது நடக்கும். 62 வயது அம்மா, சாயங்காலத்திலிருந்தே தலைவலி என்று நெற்றியில் தைலம் தடவிக்கொண்டிருக்கிறார். ஒன்பதரை மணிக்கு வேலையிலிருந்து திரும்பிய மகன், "கையக் குடும்மா, பிபி பாத்துடலாம்" என்று பட்டையைச் சுற்றுகிறார். 186/104. நம்ப முடியாமல் உடனே இன்னொரு தடவை பார்க்கிறார். 192. அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. மூன்றாவது தடவை 195.

இந்த இடத்தில் எல்லாரும் மெஷினையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அம்மாவை. மேல் அளவு 180க்கு மேலோ கீழ் அளவு 120க்கு மேலோ போனால் கவனிக்க வேண்டிய உயரம்தான். ஆனால், அந்த அழுத்தம் மூளையையோ இதயத்தையோ தாக்கத் தொடங்கிவிட்டதா என்பதை வைத்துத்தான் டாக்டர்கள் அவசரத்தை முடிவு செய்கிறார்கள். அதை எண் சொல்லாது, உடம்புதான் சொல்லும்.

அம்மாவைச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா? இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் இறங்குகிறதா? "இன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா? நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், திடீரென்று முதுகில் கிழிப்பது போன்ற வலி, பார்வை மங்குதல் அல்லது இரண்டாகத் தெரிதல், வலிப்பு என்று எதாவது உண்டா என்றும் பாருங்கள். தலைவலியிலும் ஒரு வகை உண்டு. 'இப்படி ஒரு வலி வாழ்க்கையில் வந்ததே இல்லை' என்று சொல்லும்படி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி அது. மூளையில் ரத்தம் கசிவதாலும் அப்படி வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓய்வு, மறுபடி அளப்பது எதுவும் வேண்டாம். உடனே 108க்கு அழைக்க வேண்டும். அறிகுறி இருந்து எண் 150 என்று காட்டினாலும் இதேதான். பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான் அடங்கும்.

நம் அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை. பிடரியிலும் நெற்றியிலும் கனமான வலி, அவ்வளவுதான். இப்போதுதான் ஓய்வுக்கு நேரம். பிபி ஏறியதால் தலைவலி வந்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பல நேரங்களில் தலைகீழ்: வலியும் தூக்கமின்மையும் பயமும்தான் அளவை ஏற்றிவிடுகின்றன. 186க்குப் பின் 192, 195 என்று ஏறியதில் பயத்துக்கும் பங்கு இருந்திருக்கும்.

சரியாக அளப்பது எப்படி? முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையே அளவைப் பத்துப் புள்ளி வரை ஏற்றிவிடும். காபி, டீ, புகையிலை எதுவானாலும் அதன்பின் அரை மணி நேரம் கழிய வேண்டும். பிறகு முதுகு சாயும் நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பதிய, காலைக் குறுக்கே போடாமல் உட்கார வேண்டும். கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்ப்பது சரியல்ல. டிவியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கட்டும். பட்டையை ரவிக்கைக் கையின் மேலோ நைட்டியின் மேலோ சுற்றக் கூடாது. துணியைச் சுருட்டி மேலே இறுக்கி வைப்பதும் தவறு. வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சுற்ற வேண்டும். கையை மேஜையிலோ தலையணை மேலோ வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கை தொங்கினால் அளவு கூடும். பேசினாலும் கூடும். "என்ன காட்டுது, என்ன காட்டுது" என்று நடுவில் கேட்கும் அம்மாக்கள் எல்லாருக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும்.

பெரும்பாலான வீடுகளில் கவனிக்காத குறை ஒன்று உண்டு, பட்டையின் அளவு. பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எப்போதுமே பொய்யாக அதிகம் காட்டும். எவ்வளவு சுற்றளவுள்ள கைக்கு என்று பட்டையிலேயே சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும். ஒரு முறை டேப்பால் கையை அளந்து ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.

இப்படி உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்தால் அம்மாவுக்கு 168/96, 164/94. இரண்டின் சராசரி 166/95. இன்னும் அதிகம்தான், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டிய அளவு இல்லை. காரணமும் மெதுவாக வெளியே வருகிறது. கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது மாத்திரை டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டார். இரண்டு நாளாக மாத்திரை இல்லை, நடுவில் பந்தி ஊறுகாயும் அப்பளமும். இன்றும் போடவில்லை. டாக்டரிடம் போனில் கேட்கிறார்கள். இன்றைய ஒரு மாத்திரையை மட்டும் இப்போது போட்டுக்கொண்டு காலையில் வரச் சொல்கிறார். விட்டுப்போனவற்றையும் சேர்த்து விழுங்குவது ஆபத்து.

முறையாக அளந்த பிறகும் 180/120க்கு மேலேயே நின்றால்? தலைவலி கடுமையாக இருந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ அந்த ராத்திரியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசி அவர் சொல்கிறபடி செய்யலாம்.

எண்ணை எப்படியாவது உடனே இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் இதில் எனக்குப் பெரிய கவலை. பக்கத்து வீட்டுக்காரரின் பிபி மாத்திரை, இன்னொரு டோஸ், நாக்குக்கு அடியில் வைக்கும் நிஃபெடிபின். இந்தக் கடைசிப் பழக்கத்தை மருத்துவ உலகம் கைவிட்டு வெகு காலமாகிறது. பல வருடமாக அதிக அழுத்தத்துக்குப் பழகிய மூளை, அதற்கேற்பத் தன் ரத்தக்குழாய்களைச் சரிசெய்து வைத்திருக்கும். அழுத்தம் சடாரென்று விழுந்தால் அதற்கு ரத்தம் போதாமல் போய், தடுக்க நினைத்த பக்கவாதமே வந்துவிடலாம். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும்போதுகூட முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் இறக்க மாட்டார்கள். தலைவலிக்கு ஆஸ்பிரினும் வேண்டாம். மூளையில் கசிவு இருந்தால் அது இன்னும் மோசமாக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் மூக்கடைப்பைத் திறக்கும் சளி மாத்திரைகளும் பிபியை ஏற்றக்கூடியவை. சில சமயம் முதல் ஏற்றத்துக்கே அவைதான் காரணம்.

கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்களுக்கும் கணக்கே வேறு. 140/90 தாண்டித் தலைவலியும் இருந்தால், கண்ணில் மினுமினுப்போ மேல்வயிற்று வலியோ கூடவே இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 160/110 என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 180 வரை பொறுக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிவிடாதீர்கள்.

கிளம்பும்போது மாத்திரை அட்டைகளையும், எந்த மணிக்கு எவ்வளவு காட்டியது என்று எழுதிய துண்டுச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மறக்காமல் அதில் குறித்துவிடுங்கள். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.