உதடு முந்துது, குரல் பிந்துது

புளூடூத் இயர்போனில் படம் பார்க்கும்போது, நாயகன் பேசி முடித்து வாயை மூடிய பிறகு வசனம் காதில் விழுகிறதா? இயர்போனைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். புளூடூத்தை அணைத்துவிட்டு அதே காட்சியை ஸ்பீக்கரில் ஓட்டிப் பாருங்கள். ஒலி சரியாகப் பொருந்தினால் தாமதம் புளூடூத்தில்தான். அப்போதும் பொருந்தாவிட்டால், அல்லது படம் ஓட ஓட இடைவெளி கூடிக்கொண்டே போனால், கோளாறு வீடியோ ஃபைலில் இருக்கிறது.

புளூடூத்தில் போன் ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்புகிறது. சிக்னல் தடுமாறினாலும் பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, இயர்போன் சில துண்டுகளைக் கையிருப்பாகச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்குகிறது. இதிலேயே ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி செகண்ட் போய்விடுகிறது. ஒலி ஏறத்தாழ 125 மில்லி செகண்ட் பிந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒலி முந்தினால் 45 மில்லி செகண்டே போதும். மின்னலுக்குப் பிறகு இடி கேட்டுப் பழகியவர்கள் அல்லவா நாம்!

அப்படியானால் யூடியூப்பில் மட்டும் ஏன் பெரும்பாலும் சரியாக இருக்கிறது? ஒலி எவ்வளவு தாமதமாகும் என்பதைப் போன் ஆப்புக்குச் சொல்லிவிடுகிறது. ஆப்பும் அதே அளவுக்குப் படத்தை நிறுத்திப் பிடித்துக் காட்டுகிறது. இந்தக் கணக்கு தவறும் இடத்தில், அதே வேலையை நாமே கையால் செய்ய வேண்டும்.

லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயரில் படம் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைதட்டுவதோ கதவை அறைந்து சாத்துவதோ வரும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். உதட்டசைவைவிட இதில் கணிப்பது எளிது. கீபோர்டில் `j` எழுத்தை ஒருமுறை தட்டினால் ஒலி 50 மில்லி செகண்ட் முன்னுக்கு வரும். நான்கு முறை தட்டினால் திரையில் -200 என்று தெரியும். கைகள் மோதும் கணமும் சத்தமும் ஒன்றாகும் வரை தட்டுங்கள். கூடிப்போனால் `k` எழுத்து பின்னுக்குத் தள்ளும். பலர் தவறுவது இங்கேதான்: ஒலி பிந்துகிறது என்று `k`-யைத் தட்டி, தாமதத்தை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். பிந்தும் ஒலிக்கு எண் மைனஸில்தான் இருக்க வேண்டும். இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கருக்கு மாறினால் எண்ணை மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் ஒலி முந்தும், அது இன்னும் எரிச்சல்.

போன் கேம்களில் இந்த வித்தை செல்லாது. நீங்கள் விரலால் சுட்ட பிறகுதான் துப்பாக்கிச் சத்தமே உருவாகிறது. பிந்தும் சத்தத்துக்காகப் படத்தை நிறுத்தி வைத்தால் விளையாட்டே கெட்டுவிடும். இயர்போனில் கேம் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள். அது கையிருப்பைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும். பதிலுக்குக் கூட்டமான இடங்களில் ஒலி அடிக்கடி அறுபடலாம். அதுவும் போதாது என்றால் வயர் இயர்போனே சரி.