ஒரே பாதைக்கு இரண்டு விட்டங்கள்

ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயை நுழைத்து, உள்ளே ஒரு திரவத்தையும் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வேறொரு திரவத்தையும் எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டால், சூடான திரவம் ஆறும், குளிர்ந்த திரவம் சூடேறும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. இதுதான் இரட்டைக் குழாய் வெப்பப் பரிமாற்றி. இரண்டு நீளக் குழாய்களைக் கொண்டை ஊசிபோல ஒரு முனையில் வளைத்து இணைத்திருப்பார்கள் என்பதால் அந்த ஓர் அலகுக்கு ஹேர்பின் என்று பெயர். தேவைக்கேற்ப மூன்று, ஐந்து, பத்து என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

உள்குழாயில் ஓடும் திரவத்துக்குக் கணக்குப் போடுவதில் சிக்கல் இல்லை. வட்டக் குழாய்க்கான சூத்திரங்கள் நூறாண்டுக்கு மேலாகச் சோதித்துத் தேறியவை. அவை எல்லாம் கேட்பது ஒரே ஒரு அளவு, விட்டம். நடுவில் உள்ள வளையப் பாதைக்கு வந்தால்தான் கேள்வி எழுகிறது. கருவறைச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓடும் பிரகாரம் போன்ற அந்த இடைவெளிக்கு எதை விட்டம் என்று சொல்வது?

பொறியாளர்கள் கண்ட வழி எளியது. திரவம் ஓடும் குறுக்குப் பரப்பை நான்கால் பெருக்கி, அதைச் சுற்றியுள்ள சுவரின் நீளத்தால் வகுக்க வேண்டும். சாதாரண வட்டக் குழாய்க்கு இப்படிச் செய்தால் அதன் விட்டமே திரும்பக் கிடைக்கும். வளையத்துக்குக் கிடைக்கும் எண்ணைச் சமான விட்டம் என்கிறார்கள். ஆனால் "சுற்றியுள்ள சுவர்" என்றால் எந்தச் சுவர்? வளையத்துக்கு இரண்டு சுவர்கள் அல்லவா இருக்கின்றன!

1950-இல் வெளிவந்த தமது 'பிராசஸ் ஹீட் டிரான்ஸ்ஃபர்' நூலில் டொனால்ட் கெர்ன் இதற்கு இரண்டு விடைகள் தருகிறார். உராய்வைக் கணக்கிடும்போது இரண்டு சுவர்களையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஓடும் திரவத்தை உள்சுவரும் இழுத்துப் பிடிக்கிறது, வெளிச்சுவரும் இழுத்துப் பிடிக்கிறது. வெப்பத்தைக் கணக்கிடும்போது உள்சுவரை மட்டும் எடுக்க வேண்டும், ஏனென்றால் வெப்பம் கைமாறுவது அதன் வழியாகத்தான். வெளிச்சுவருக்கு அப்பால் இருப்பது இன்சுலேஷன். வெளிக்குழாயின் உள்விட்டம் D2, உள்குழாயின் வெளிவிட்டம் D1 என்றால், வெப்பத்துக்கு (D2² − D1²) / D1, அழுத்த இழப்புக்கு D2 − D1. ஒரே பாதையில் ஓடும் ஒரே தண்ணீருக்கு இரண்டு விட்டங்கள், ஆகவே இரண்டு ரெனால்ட்ஸ் எண்கள். முதன்முதலில் படிப்பவர்களுக்கு இது அச்சுப்பிழை போலத் தோன்றும். பிழையில்லை.

கெர்னின் நூலிலேயே வரும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: 2 அங்குலக் குழாய்க்குள் 1¼ அங்குலக் குழாய். வெளிக்குழாயின் உள்விட்டம் 52.5 மி.மீ., உள்குழாயின் வெளிவிட்டம் 42.2 மி.மீ. நடுவில் உள்ள பரப்பு சுமார் 766 சதுர மி.மீ. உள்சுவரின் சுற்றளவு 132.6 மி.மீ., வெளிச்சுவரினுடையது 164.9 மி.மீ. இரண்டையும் சேர்த்து வகுத்தால் சமான விட்டம் 10.3 மி.மீ. உள்சுவரால் மட்டும் வகுத்தால் 23.1 மி.மீ. இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசம்.

இந்த வளையத்தில் 40 டிகிரி தண்ணீர் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடட்டும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 1.15 லிட்டர். ஆறு மீட்டர்க் கால்கள் இரண்டு கொண்ட ஹேர்பின்கள் ஐந்து, ஆக மொத்தம் 60 மீட்டர் ஓட்டம். 10.3 மி.மீ. வைத்துக் கணக்கிட்டால், வளைவுகளில் ஏற்படும் இழப்பைச் சேர்க்காமலே, உராய்வு தின்னும் அழுத்தம் சுமார் 19.6 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். தவறுதலாக 23.1 மி.மீ. போட்டுவிட்டால் 7.4 மீட்டர்தான் வரும். உண்மையில் பாதிகூட இல்லை.

வெப்பப் பக்கம் கதை வேறு. கொந்தளித்து ஓடும் திரவத்தின் வெப்பக் கடத்து கெழு விட்டத்தின் 0.2 அடுக்கில்தான் குறைகிறது. ஆகவே 23.1 மி.மீ. போட்டால் சதுர மீட்டருக்கும் டிகிரிக்கும் ஏறத்தாழ 6,100 வாட், 10.3 போட்டால் சுமார் 7,200 வாட். வித்தியாசம் பதினேழு, பதினெட்டு சதவீதம். உள்குழாய்ப் பக்கத் தடை, படிவுத் தடை எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் அது இன்னும் மங்கிப்போகும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. இரண்டு விட்டங்களையும் இடம் மாற்றிப் போட்டால், இரண்டு தவறுகளும் ஒரே பக்கம் சாய்கின்றன. வெப்பம் அதிகம் கடத்தப்படும் என்று ஒன்று சொல்லும், அழுத்தம் குறைவாகவே தேவைப்படும் என்று மற்றது சொல்லும். தாளில் பார்த்தால் அருமையான கருவி. சந்தேகம் வருவதற்கே இடமில்லை.

அந்தத் தாளை நம்பி 7.4 மீட்டருக்கு ஒரு பம்ப் வாங்கிப் பொருத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் ஓடும், சத்தத்தில் குறை இருக்காது. ஆனால் அழுத்த இழப்பு ஓட்டத்தின் ஏறக்குறைய 1.8 அடுக்கில் மாறுவதால், தண்ணீர் எதிர்பார்த்ததில் அறுபது சதவீதம்கூட வராது. ஓட்டம் குறையும்போது பம்ப் சற்றுக் கூடுதல் அழுத்தம் தரும் என்பதால் கொஞ்சம் மேலே நிற்கலாம், அவ்வளவுதான். வேகம் குறைந்ததால் வளையப் பக்கத்தின் வெப்பக் கடத்து திறனும் மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடும். வெளியேறும் திரவம் வேண்டிய வெப்பநிலையை எட்டாது. அப்போது பெரும்பாலும் பழி விழுவது சுவரில் உப்புப் படிந்துவிட்டது என்ற ஊகத்தின் மீதுதான். கழற்றி அமிலம் விட்டுக் கழுவுவார்கள், நிலைமை மாறாது. படிவு என்றால் நாள் செல்லச் செல்லத்தான் மோசமாகும். முதல் நாளே, புதுக் குழாயிலேயே ஓட்டம் குறைவாக இருந்தால் கணக்குத் தாளைத்தான் திறந்து பார்க்க வேண்டும். வளையத்தின் நுழைவிலும் வெளியிலும் அழுத்தமானி வைத்து, ஓட்டத்தையும் அளந்து, அந்த ஓட்டத்துக்கு 10.3 மி.மீ. என்ன சொல்கிறது, 23.1 என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்றைய நூல்கள் பலவற்றில் இரண்டு கணக்குக்கும் D2 − D1 ஒன்றையே பயன்படுத்துகிறார்கள். அதற்காகக் கெர்ன் தவறு என்று ஆகிவிடாது. வெப்பம் உள்சுவரில் மட்டும் கைமாறும் வளையத்துக்கு ஒரு திருத்தக் காரணியும் உண்டு: 0.86 × (D1/D2)^(−0.16). நம் ஜோடிக்கு அது 0.89 வருகிறது. 7,200-ஐ அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 6,400. கெர்னின் வழியில் கிடைத்த 6,100-க்கு மிக அருகில். ஆபத்து எங்கே வருகிறது என்றால், ஒரு நூலின் சூத்திரத்தில் இன்னொரு நூலின் விட்டத்தைப் போடும்போதுதான். சூத்திரமும் விட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் கொந்தளிப்பான ஓட்டத்துக்குத்தான் பொருந்தும். கெட்டியான எண்ணெய் போன்ற ஒன்று வளையத்தில் அமைதியாக, அடுக்கடுக்காக நகர்ந்தால் சமான விட்டம் என்ற உத்தியே தடுமாறுகிறது. வட்டக் குழாயில் அத்தகைய ஓட்டத்தின் ஃபேனிங் உராய்வுக் காரணி 16/Re. நம் ஜோடியைப் போன்ற குறுகிய வளையத்தில், சரியான D2 − D1-ஐயே போட்டாலும் அது 24/Re-க்கு நெருக்கமாக இருக்கும். இதை விட்டுவிட்டால், விட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் அழுத்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வந்து நிற்கும்.