விலைவாசியை இறக்க எத்தனை பேரின் வேலை?

2022 மே மாதம் பேங்க் நெகாரா, ஓபிஆர் எனப்படும் அடிப்படை வட்டி விகிதத்தை 1.75 விழுக்காட்டிலிருந்து உயர்த்தத் தொடங்கியது. கால் கால் விழுக்காடாக ஐந்து முறை ஏறி, 2023 மே மாதம் அது 3 விழுக்காட்டில் நின்றது. இந்த ஏற்றம் யாருடைய பையைத் தொட்டது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். பாயான் லெப்பாஸில் வீடு வாங்க 3 லட்சம் ரிங்கிட் கடனை 30 ஆண்டுத் தவணையில், 3.25 விழுக்காட்டு வட்டிக்கு எடுத்த குடும்பம் மாதம் ஏறக்குறைய 1,306 ரிங்கிட் கட்டும். அந்த வட்டி 4.5 விழுக்காடானால் மாதத் தவணை 1,520 ரிங்கிட். கூடுதலாகப் போகும் 214 ரிங்கிட் அந்த மாதம் ஏதோ ஒரு கடையில் செலவாகாமல் போகிறது. கடையில் வியாபாரம் குறைந்தால் ஆள் குறைப்பார்கள். ஆள் குறைந்தால் கூலியும் விலையும் ஏறாது. வட்டி உயர்வு பணவீக்கத்தைக் குறைக்கும் வழி இதுதான். அப்படியானால் விலைவாசியை ஒரு விழுக்காடு இறக்க எத்தனை பேர் வேலை இழக்க வேண்டும் என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்விக்கான விடையை உற்பத்தி இழப்பாக அளந்தால், பொருளியலில் அதற்குத் தியாக விகிதம் என்று பெயர். அந்த விகிதம் வட்டி எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, விலையையும் கூலியையும் நிர்ணயிப்பவர்கள் எந்தப் பக்கம் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மலேசியாவின் அண்மை அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

வேலையின்மைக்கும் கூலி உயர்வுக்கும் உள்ள எதிர்மறை உறவை ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் 1958இல் பிரிட்டனின் ஏறத்தாழ நூறு ஆண்டுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு வரைந்தார். வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறும், கூடினால் மெதுவாகும். அந்தப் படத்தில் இல்லாத ஒன்றை எட்மண்ட் ஃபெல்ப்ஸும் மில்டன் ஃபிரீட்மனும் 1960களின் பிற்பகுதியில் சுட்டிக் காட்டினார்கள். அதுதான் எதிர்பார்ப்பு. ஜார்ஜ்டவுன் சூலியா சாலையில் நாசி கண்டார் கடை நடத்துபவர் அடுத்த ஆண்டுக்கு ஒரு தட்டின் விலையை எழுதும்போது, அரிசியும் கோழியும் கூலியும் இன்னும் எவ்வளவு ஏறும் என்று ஊகித்துத்தான் எழுதுகிறார். சென்ற ஆண்டு எல்லாம் 8 விழுக்காடு ஏறியது, இந்த ஆண்டும் அப்படியே ஏறும் என்று அவர் நினைத்தால், வியாபாரம் வழக்கம்போல இருந்தாலும் தன் விலையில் 8 விழுக்காடு ஏற்றிவிடுவார். எல்லாரும் அப்படியே செய்தால் பணவீக்கம் 8 விழுக்காட்டிலேயே நிற்கும். நடந்து முடிந்ததைப் பார்த்து வருவதை ஊகிக்கும் இந்தப் பழக்கத்தைத் தகவமை எதிர்பார்ப்பு என்கிறார்கள். அதைச் சேர்த்தால் பிலிப்ஸ் வளைகோடு இப்படி ஆகும்: இந்த ஆண்டுப் பணவீக்கம் = சென்ற ஆண்டுப் பணவீக்கம் − 0.5 × (வேலையின்மை − இயல்பு வேலையின்மை). விலை வேகமெடுக்காமலும் தணியாமலும் இருக்கும் வேலையின்மை அளவே இயல்பு வேலையின்மை. 0.5 என்பது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்.

இந்தச் சூத்திரத்தைப் பினாங்கின் அளவில் வைத்துப் பார்ப்போம். மாநிலத்தில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்து 9 லட்சம் பேர், இயல்பு வேலையின்மை 3.5 விழுக்காடு, பணவீக்கம் 8 விழுக்காடு, அதை 3 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும் என்று கொள்வோம். ஒரே ஆண்டில் 5 புள்ளி இறக்க, வேலையின்மை இயல்பைவிட 10 புள்ளி கூடி 13.5 விழுக்காடாக வேண்டும். அதாவது கூடுதலாக 90,000 பேர் ஓராண்டு வேலையின்றி இருக்க வேண்டும். நிதானமாகச் செய்யலாம் என்றால், வேலையின்மையை ஐந்தாண்டுகளுக்கு 5.5 விழுக்காட்டில் வைத்திருக்கலாம். பணவீக்கம் ஆண்டுக்கு ஒரு புள்ளியாக 7, 6, 5, 4, 3 என்று இறங்கும். கூடுதலாக வேலை இழப்போர் 18,000 பேர், ஆனால் ஐந்தாண்டுகளுக்கு. இரண்டு வழியிலும் மொத்த இழப்பு 90,000 ஆள்-ஆண்டு வேலைதான். வேலையின்மை ஒரு புள்ளி கூடினால் உற்பத்தி 2 விழுக்காடு குறையும் என்ற ஓக்கன் விதியைச் சேர்த்தால், 10 புள்ளிக்கு ஓராண்டு உற்பத்தியில் 20 விழுக்காடு போகும். அதை இறங்கிய 5 புள்ளியால் வகுத்தால் தியாக விகிதம் 4. மக்கள் சென்ற ஆண்டை மட்டுமே பார்க்கும் வரை வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இந்த விலையில் ஒரு சென்னும் குறையாது.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். கடைக்காரரும் முதலாளியும் தொழிற்சங்கமும் பாதி சென்ற ஆண்டையும், பாதி மத்திய வங்கி சொல்லும் 3 விழுக்காட்டையும் பார்க்கிறார்கள் என்று வைப்போம். முதல் ஆண்டில் அவர்களின் எதிர்பார்ப்பு 8க்கும் 3க்கும் நடுவே, 5.5 விழுக்காடு. ஓராண்டுக்குள்ளேயே 3 விழுக்காட்டைத் தொட வேண்டுமானால் மீதி 2.5 புள்ளிக்கு மட்டும் வேலையின்மை கூடினால் போதும். 5 புள்ளி, அதாவது 45,000 பேர். இழப்பு பாதியாகிவிட்டது. அவசரப்படாமல் வேலையின்மையை இயல்பு அளவிலேயே விட்டுவைத்தால் பணவீக்கம் 5.5, 4.25, 3.6, 3.3 என்று தானே இறங்கும். ஒருவரும் வேலை இழக்க வேண்டியதில்லை. அதே பிலிப்ஸ் வளைகோடு, அதே 0.5. மாறியது எதிர்பார்ப்பு மட்டும்தான்.

உண்மையில் நடந்தது இந்த இரண்டாவது கணக்கை ஒட்டியே இருக்கிறது. சட்டென ஏறி இறங்கும் பச்சைக் காய்கறி, மீன் போன்றவற்றையும் அரசு நிர்ணயிக்கும் விலைகளையும் கழித்துப் பார்க்கும் மூலப் பணவீக்கம் மலேசியாவில் 2022 நவம்பரில் 4.2 விழுக்காட்டைத் தொட்டது. 2023 டிசம்பரில் அது 1.9 விழுக்காடு. பின்னோக்கிய சூத்திரப்படி இந்த 2.3 புள்ளி இறக்கத்துக்கு வேலையின்மை ஓராண்டு முழுவதும் இயல்பைவிட 4.6 புள்ளி கூடியிருக்க வேண்டும். பினாங்கில் மட்டும் 41,000 பேருக்கு மேல். நாட்டின் வேலையின்மையோ அதே காலத்தில் 3.6 விழுக்காட்டிலிருந்து 3.3 விழுக்காட்டுக்குக் குறைந்தது, கோவிட்டுக்கு முந்திய 2019இன் அளவுக்கே திரும்பியது. அமெரிக்காவிலும் 2022 ஜூனில் 9.1 விழுக்காடாக இருந்த பணவீக்கம் ஓராண்டில் 3 விழுக்காடானது, வேலையின்மை 3.6 விழுக்காட்டைச் சுற்றியே நின்றது.

இதற்கு முதல் மறுப்பு, பணவீக்கத்தை அடக்கியது விலைக் கட்டுப்பாடுதானே என்பது. ரோன்95 பெட்ரோல் லிட்டர் 2.05 ரிங்கிட்டில் கட்டப்பட்டிருந்தது, கோழிக்கு உச்ச விலை இருந்தது, அவற்றின் செலவை அரசு மானியமாகச் சுமந்தது. இது உண்மை, பொதுப் பணவீக்கம் 2022 ஆகஸ்டில் 4.7 விழுக்காட்டோடு நின்றதற்கு அந்த மானியமும் காரணம். அதனால்தான் கட்டுப்பாட்டு விலைகள் சேராத மூலப் பணவீக்கத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. விலையை ஏற்றியது கோவிட்டுக்குப் பிந்திய சரக்குத் தட்டுப்பாடும் உக்ரைன் போரும். அவை தணிந்ததும் விலை தணிந்தது. இதில் எதிர்பார்ப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தட்டுப்பாடு நீங்கியது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் தகவமை எதிர்பார்ப்பு முழுதாக வேலை செய்யும் நாட்டில், தட்டுப்பாட்டால் ஒருமுறை ஏறிய பணவீக்கம் தட்டுப்பாடு நீங்கிய பிறகும் அப்படியே நிற்கும், ஏனென்றால் சென்ற ஆண்டின் 4 விழுக்காடு இந்த ஆண்டின் விலைப் பலகையில் எழுதப்பட்டுவிடும். இங்கே அது நிற்கவில்லை. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே இரவில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியபோதும், அந்த ஆண்டின் பணவீக்கம் 1.8 விழுக்காட்டில்தான் முடிந்தது. ஒருமுறை ஏறிய விலையை மக்கள் ஒருமுறை ஏற்றமாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

வேலையின்மை எண் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது என்பது மூன்றாவது மறுப்பு. அதில் நியாயம் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது ஓவர்டைம். அடுத்து ஒப்பந்தத் தொழிலாளர். நிரந்தர ஊழியர் கடைசியில். வேலை போனவர் கிராப் ஓட்டத் தொடங்கினால் அவர் வேலையில் இருப்பவராகவே கணக்கில் வருவார். ஆகவே உற்பத்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023இல் நாட்டின் வளர்ச்சி தணிந்தது, மின்னியல் ஏற்றுமதி குறைந்தது. ஆனால் அந்த ஆர்டர்கள் உலக சில்லுச் சந்தையிலிருந்து வருபவை. கோலாலம்பூரில் முடிவாகும் ஓபிஆர் அவற்றைக் குறைக்கவில்லை. உற்பத்திச் சரிவு எல்லாவற்றையும் பணவீக்கத்தின் கணக்கில் எழுதினால் தியாக விகிதம் பொய்யாகப் பெருகும். 1975இல் இதுதான் தெரிந்தது. 1974இல் 17 விழுக்காட்டைத் தாண்டிய பணவீக்கம் மறு ஆண்டே 4.5 விழுக்காடானது, வளர்ச்சி 8 விழுக்காட்டுக்கு மேலிருந்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. வகுத்துப் பார்த்தால் ஒரு விகிதம் கிடைக்கும், ஆனால் அன்று இரண்டையும் ஒன்றாக இழுத்தது உலக மந்தம்.

அப்படியானால் பின்னோக்கிய சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. பணவீக்கம் பல ஆண்டுகள் நீடித்தால் மக்கள் சென்ற ஆண்டைப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள், அதன் பிறகு விலை கொடுத்தே ஆக வேண்டும். 1970கள் முழுக்கப் பணவீக்கத்தில் வாழ்ந்த அமெரிக்காவில் மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் அதை 1980இன் 13.5 விழுக்காட்டிலிருந்து 1983இன் 3.2க்கு இறக்கினார். இயல்பு அளவை 6 விழுக்காடாக வைத்தால், 1981 முதல் 1984 வரை வேலையின்மை அதைவிட முறையே 1.6, 3.7, 3.6, 1.5 புள்ளி கூடுதல், மொத்தம் 10.4. இறங்கிய பணவீக்கம் 10.3 புள்ளி. ஒரு புள்ளி இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி வேலையின்மை, ஓராண்டு முழுக்க. ஓக்கன் விதிப்படி தியாக விகிதம் 2. ஆர்தர் ஓக்கன் 1978இல் அஞ்சிய 10 இல்லை. எண்ணெய் விலை தணிந்ததும், மத்திய வங்கி பின்வாங்காது என்று மக்கள் நம்பத் தொடங்கியதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனாலும் 1982இன் முடிவில் 10.8 விழுக்காடு வேலையின்மை என்பது சிறிய விலை அல்ல.

மலேசியாவில் பின்னோக்கிப் பார்க்கும் பழக்கம் நுழைய ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி கூட்டு ஒப்பந்தம் மூன்றாண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஊதியத் தகராறுகளில் தொழில் நீதிமன்றம், கடந்த மூன்றாண்டு விலைக் குறியீட்டு உயர்வில் மூன்றில் இரண்டு பங்கு வரை கொடுப்பதை நெடுநாள் வழக்கமாக வைத்திருக்கிறது. கடந்ததை ஈடுகட்டும் நியாயமான ஏற்பாடு இது. தொழிலாளி இழந்த வாங்கும் திறனைத் திருப்பித் தருகிறது. சங்கத்தில் இருப்போர் தொழிலாளர்களில் சிறு பங்கே என்பதால் இன்று இது விலைவாசியை ஓட்டவில்லை. ஆனால் பணவீக்கம் ஐந்தாறு ஆண்டுகள் 5 விழுக்காட்டில் நின்றால், சங்கம் இல்லாத தொழிற்சாலையும் கடையும் இதே கணக்கைப் பின்பற்றும். அப்போது நாம் இரண்டாவது கணக்கிலிருந்து முதல் கணக்குக்கு, 45,000 பேரிலிருந்து 90,000 பேருக்குத் தள்ளப்படுவோம்.

ஆகவே 2022–23இன் வட்டி உயர்வை, விலை தானாகவே இறங்கியிருக்குமே என்று வீண் சுமையாக எண்ணுவது சரியல்ல. மாதம் 214 ரிங்கிட் கூடுதலாகக் கட்டிய குடும்பத்துக்கு அது உண்மையான சுமைதான். ஆனால் பேங்க் நெகாரா கையைக் கட்டிக்கொண்டிருந்தால், அந்த 4.2 விழுக்காடு அடுத்த ஆண்டின் விலைப் பலகைக்கும் சம்பளப் பேச்சுக்கும் அளவுகோலாகியிருக்கலாம். மானியச் சீர்திருத்தம் தொடரும் இக்காலத்தில் அரசு செய்ய வேண்டியது, ஒவ்வொரு விலை ஏற்றத்தையும் முன்கூட்டியே, எவ்வளவு, ஒருமுறைதானா என்று தெளிவாகச் சொல்வது. விலையும் கூலியும் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது, சென்ற ஆண்டின் எண்ணை அப்படியே வரும் ஆண்டுக்கு நகல் எடுக்காமல் இருப்பது. பணவீக்கம் பழக்கமாகும் முன் இறக்குவது மலிவு. பழக்கமான பிறகு இறக்கினால் அதன் விலையை வேலை இழப்பவர்களே கட்டுவார்கள்.