செயலி இல்லாமலே காணொலிச் சந்திப்பு: கைபேசி உலாவி வழியாக இணையும் முறை

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுள் சிலருக்கு, மறுபரிசோதனைக்கான காணொலிச் சந்திப்பின் இணைப்பை நாங்கள் குறுஞ்செய்தியில் அனுப்புகிறோம். அதைத் தொட்டதும் செயலியைப் பதிவிறக்குமாறு திரை கேட்கிறது. கைபேசியில் இடம் இல்லாதவர்களும், கடவுச்சொல் நினைவில் இல்லாதவர்களும் அத்துடன் முயற்சியைக் கைவிட்டுவிடுகின்றனர். பெரும்பாலான சந்திப்புகளுக்குச் செயலி தேவையில்லை. கைபேசியில் ஏற்கெனவே உள்ள குரோம் அல்லது சஃபாரி உலாவியே போதும். அண்மையில் ஒரு குடும்பத்தினர் இவ்வாறு இணைந்தபோது எதிர்கொண்ட இடையூறுகளைக் கொண்டே இம்முறையை விளக்குகிறோம்.

செயலி கேட்கும் பக்கத்தைக் கடத்தல்

நீரிழிவினால் காலில் புண் ஏற்பட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவருக்குக் காலை 10 மணிக்குச் சந்திப்பு. அவருடைய மருமகள் ஆண்ட்ராய்டு கைபேசியில் இணைப்பைத் தொட்டார். உடனே பிளே ஸ்டோர் திறந்தது. பதிவிறக்க முயன்றபோது இடம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தது.

இணைப்பைத் தொட்டவுடன், சந்திப்பின் பக்கம் முதலில் தன் செயலியைத் தேடுகிறது. அது கிடைக்காதபோது செயலி அங்காடிக்கு அனுப்பிவிடுகிறது. இது பிழையன்று. அங்காடியிலிருந்து பின்செல்லும் பொத்தானை அழுத்தி உலாவிக்குத் திரும்பினால் அதே பக்கம் காத்திருக்கும். சூம் சந்திப்பாயின் அப்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் `Join from your browser` என்றிருக்கும். சில வேளைகளில் `Launch Meeting` என்பதை ஒருமுறை அழுத்திய பின்னரே அவ்வரி தோன்றும். ஜிட்சி சந்திப்பாயின் `Join in browser` என்ற பொத்தான் இருக்கும்.

அவ்வரி எங்கும் தென்படாவிடில், குரோமின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு `Desktop site` என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதன் பின்னும் தோன்றவில்லையெனில், சந்திப்பை அமைத்தவர் உலாவி வழியை அனுமதிக்காமல் இருக்கக்கூடும். அதை எங்களிடம் தெரிவித்தால் மாற்றித் தருவோம். அதை உங்கள் கைபேசியிலிருந்து சரிசெய்ய இயலாது.

சமூக ஊடகச் செயலிகள் சில, இணைப்பைத் தமக்குள்ளேயே ஒரு சிறு சாளரத்தில் திறக்கும். அங்கே கேமரா இயங்காமல் போகலாம். அவ்வாறாயின் இணைப்பை நகலெடுத்து, குரோம் அல்லது சஃபாரியின் முகவரிப் பட்டையில் ஒட்டித் திறப்பதே நல்லது.

கேமராவுக்கு இரண்டு அனுமதிகள்

மருமகள் உலாவி வழியைத் தேர்ந்தெடுத்து, நோயாளியின் பெயரை இட்டார். கேமராவையும் ஒலிவாங்கியையும் பயன்படுத்தலாமா என்று திரை வினவியது. ஏதோ விளம்பரம் என்றெண்ணி அவசரத்தில் மறுத்துவிட்டார். பின்னர் மருத்துவரின் முகம் தெரிந்தது, குரலும் கேட்டது. ஆனால் மருத்துவருக்கோ இவர்கள் தெரியவுமில்லை, இவர்கள் குரல் கேட்கவுமில்லை. வெளியேறி மீண்டும் இணைந்தபோதும் நிலை மாறவில்லை.

ஒரு தளத்துக்கு ஒருமுறை அனுமதி மறுத்தால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்கிறது, மறுபடியும் கேட்பதில்லை. ஆகவே எத்தனை முறை இணைந்தாலும் பயனில்லை. குரோமில் முகவரிக்கு இடப்புறமுள்ள சிறு குறியைத் தொட்டு, `Permissions` என்பதில் `Camera`, `Microphone` ஆகிய இரண்டையும் அனுமதிக்க வேண்டும். அதன்பின் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிடில் மாற்றம் நடைமுறைக்கு வராது.

அவ்வாறு செய்த பின்னும் ஒலி மட்டுமே சென்றது, படம் செல்லவில்லை. காரணம், தளத்துக்கு உலாவி தரும் அனுமதி ஒன்று, உலாவிக்குக் கைபேசி தரும் அனுமதி மற்றொன்று. அக்கைபேசியில் குரோமுக்கே கேமரா மறுக்கப்பட்டிருந்தது. கைபேசியின் `Settings` பகுதியில் `Apps`, அதனுள் `Chrome`, அதனுள் `Permissions` என்று சென்று கேமராவை அனுமதித்ததும் படம் தோன்றியது. ஐபோனில் `Settings` பகுதியில் சஃபாரிக்குரிய பக்கத்தில் `Camera`, `Microphone` என்பவற்றை `Ask` அல்லது `Allow` என்று வைத்திருங்கள்.

சூம் சந்திப்பில் அனுமதி அளித்த பின்னும் எதுவும் கேட்கவில்லையெனில், `Join Audio` என்பதைத் தனியே அழுத்த வேண்டியிருக்கலாம். மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை என்ற பொருளில் அறிவிப்பு தோன்றினால், நீங்கள் காத்திருப்பு அறையில் இருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். வெளியேற வேண்டாம்.

உரையாடலின் நடுவே

இக்குடும்பத்துக்கு உதவ முற்பட்ட நாங்களும் ஒரு தவறு செய்தோம். வழிமுறை சொல்வதற்காக அதே கைபேசி எண்ணுக்கே அழைத்தோம். அழைப்பை ஏற்றவுடன் ஒலிவாங்கி அந்த அழைப்புக்குச் சென்றுவிட்டது. காணொலியில் அவர்கள் குரல் நின்றது. இப்போது வீட்டில் உள்ள வேறொருவரின் எண்ணையும் முன்கூட்டியே கேட்டுப் பெறுகிறோம். உங்களுக்குச் சந்திப்பு நடக்கையில் வேறு அழைப்பு வந்தால் அதை மறுத்துவிடுங்கள்.

அவ்வாறே, பழைய மருந்துச் சீட்டின் படத்தைத் தேடி வேறு செயலிக்குச் சென்றாலோ, திரை அணைந்தாலோ உலாவி கேமராவை நிறுத்திவிடும். எனவே மருந்துச் சீட்டையும் மருந்துகளையும் முன்னதாகவே அருகில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புண்ணைக் காட்டும்போது கேமராவை மாற்றும் குறியைத் தொட்டுப் பின்புறக் கேமராவைப் பயன்படுத்துங்கள். பொதுவாக அதில் படம் தெளிவாக இருக்கும். ஜன்னல் வெளிச்சம் புண்ணின் மீது விழவேண்டும். ஜன்னலை நோக்கிக் கைபேசியைப் பிடித்தால் புண் இருண்டு தெரியும். கைபேசியை மெதுவாக நகர்த்தி, ஓரிடத்தில் சில விநாடிகள் நிறுத்துங்கள். அம்முதியவரின் கால் அவ்வாறு காட்டப்பட்டபோதுதான் சுண்டுவிரலின் ஓரத்தில் புதிதாகச் சிவந்திருந்ததை மருத்துவர் கண்டார். அன்று பிற்பகலே நேரில் வரச்சொன்னார். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்கு அங்கே வலி தெரிந்திருக்கவில்லை.

எந்த இணைப்பை நம்பலாம்

உலாவி வழியாக இணைவதில் எந்தக் கோப்பும் பதிவிறங்க வேண்டியதில்லை. இணைப்பைத் தொட்டதும் `.apk` என்று முடியும் கோப்பொன்று இறங்குமாயின், அது சந்திப்பன்று. திறக்காமல் நீக்கிவிட்டு எங்களுக்குத் தெரிவியுங்கள். சந்திப்பில் இணைவதற்கு வங்கி விவரமோ, யுபிஐ மறைகுறியோ நாங்கள் கேட்பதில்லை. உங்களுக்கு வந்த இணைப்பைக் குடும்பக் குழுவில் பகிர வேண்டாம். அதை வைத்திருப்பவர் எவரும் உங்கள் சந்திப்பின் வாயிலுக்கு வந்துவிட முடியும்.

முந்தைய நாள் செய்ய வேண்டியது

உலாவியில் ஜிட்சியின் `meet.jit.si` போன்ற தளத்தைத் திறந்து, கேமரா, ஒலிவாங்கி அனுமதிகளைக் கொடுத்து, உங்கள் முகம் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கைபேசி தரும் அனுமதி சரியாக உள்ளது என்று பொருள். சந்திப்புத் தளம் மட்டும் மறுநாள் தனியே ஒருமுறை அனுமதி கேட்கும்; அப்போது மறுத்துவிடாதீர்கள். 15 நிமிட உரையாடலுக்கு ஏறத்தாழ 150 முதல் 400 மெகாபைட் வரை தரவு செலவாகலாம். அன்றைய இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறித்த நேரத்திலிருந்து 10 நிமிடங்களுக்குள் இணைய இயலவில்லையெனில், குறுஞ்செய்தியில் உள்ள எண்ணுக்கு வேறொரு கைபேசியிலிருந்து அழையுங்கள். மருத்துவர் தொலைபேசியிலேயே பேசுவார், அல்லது வேறு நேரம் தரப்படும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நிற்காத இரத்தக் கசிவு ஆகியவை இருந்தால் காணொலிக்குக் காத்திராமல் 108-ஐ அழைத்து நேரே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.