ஒரே மூச்சில் ஓடும் அரபு வாக்கியம்

அரபு நாடுகளின் ஆய்விதழ்கள் பலவற்றில், கட்டுரை அரபியில் இருந்தாலும் அதன் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் கேட்பார்கள். அரைப் பக்கத்துக்கு மேல் இருக்காது. ஆனால் அந்த அரைப் பக்கமும் சில வேளை ஒரே வாக்கியமாக ஓடும்.

கல்வியியல் சுருக்கம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆய்வு இன்னதை அறிய முயன்றது, மாதிரியில் 60 மாணவ மாணவியர் இருந்தனர், வினாத்தாள் வழங்கப்பட்டது, முடிவுகள் இப்படிக் காட்டின, ஆய்வு இன்னதைப் பரிந்துரைத்தது. இவ்வளவையும் 'வ' என்ற ஓர் எழுத்து கோத்துவிடும். நம் 'உம்' போன்ற இணைப்புதான். ஆனால் அரபியில் பல இடங்களில் முற்றுப்புள்ளியின் வேலையையும் அதுவே பார்க்கிறது. ஒவ்வொரு 'வ'வுக்கும் 'அண்ட்' போட்டால் ஆங்கில வாசகருக்கு மூச்சுத் திணறும்.

எங்கே வெட்டுவது? முதலில் வினைமுற்றுகளை அடிக்கோடிட வேண்டும். 'ஹதஃபத்' (நோக்கமாகக் கொண்டது), 'தகவ்வனத்' (அமைந்தது), 'அள்ஹரத்' (காட்டியது), 'அவ்ஸத்' (பரிந்துரைத்தது) என நான்கு வினைகள் கிடைத்தால் குறைந்தது நான்கு ஆங்கில வாக்கியங்கள். அரபியில் வினை பெரும்பாலும் முன்னால் வருவது வசதி. 'வ'வை ஒட்டி வினை வந்தால் அநேகமாகப் புது வாக்கியம்; பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் வெறும் பட்டியல்.

செயப்பாட்டு வினை இன்னொரு தொல்லை. ஆய்வு நடையில் 'தம்ம தவ்ஸீஉல் இஸ்திபானா' என்று எழுதுவார்கள். அதாவது, வினாத்தாள் விநியோகம் நிறைவேறியது. அதை அப்படியே பெயர்த்தால் ஆங்கிலத்தில் அரசாங்கக் கடிதம் போலிருக்கும். விநியோகம் என்ற பெயரை வினையாக்கி, 'வினாத்தாள் வழங்கப்பட்டது' என்று சொன்னால் போதும். இன்றைய ஆங்கில இதழ்கள் பல 'நாங்கள் வழங்கினோம்' என்பதையே விரும்புகின்றன. ஆனால் வழங்கியது ஆய்வாளரா, வகுப்பாசிரியரா? மூலம் சொல்லவில்லை. ஆசிரியர் கையால் வாங்கிய தாளில் மாணவர் எழுதும் பதில் வேறாக இருக்கலாம். எனவே கட்டுரையாளரைக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் செயப்பாட்டு வினையே இருக்கட்டும். செய்முறைப் பகுதியில் அது உறுத்தாது.

கலைச்சொற்களில் வழுக்கி விழுவது பழகிய சொற்களில்தான். 'முஜ்தமஉத் திராஸா'வை அகராதியை நம்பி 'ஆய்வுச் சமூகம்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. புள்ளியியலில் அதன் பொருள், மாதிரி எடுக்கப்பட்ட முழுத் தொகுதி, ஆங்கிலத்தில் 'பாப்புலேஷன்'. 'ஸித்க்' அன்றாடப் பேச்சில் உண்மை. ஆய்வில் 'வேலிடிட்டி', அதாவது அளக்க நினைத்ததையே கருவி அளக்கிறதா என்பது. 'ஸபாத்' என்பது 'ரிலயபிலிட்டி', திரும்ப அளந்தாலும் அதே விடை வருமா என்பது. இரண்டும் ஜோடியாகவே வருவதால் இடம் மாறிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பக்கத்தில் 'கிரான்பாக் ஆல்ஃபா' என்று ஓர் எண் இருந்தால் அது ஸபாத்துக்கு உரியது, வல்லுநர் குழுவிடம் வினாத்தாளைக் காட்டிக் கருத்துக் கேட்டதாக இருந்தால், ஸித்க்.